இலை வேர் விடும், செடியாகுமா?

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதில் ஒரு மணி பிளான்ட் இலையைக் காம்போடு கிள்ளிப் போட்டு வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் காம்பின் அடியில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. இரண்டு மாதத்தில் அது பாட்டிலின் அடியைத் தொட்டுச் சுருண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "அட, பிடிச்சிருச்சே!" என்றார்கள். எனக்கும் பெருமைதான். தொட்டியில் நட்டேன். இலை வாடவில்லை, பச்சையாகவே நின்றது. ஆனால் இரண்டாவது இலை வரவே இல்லை. அரை வருடம் கழித்து அந்த ஒற்றை இலையும் மஞ்சளாகி விழுந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் கைப்பிடி வேர். அவ்வளவுதான்.

இலையிலிருந்து செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் ஏமாறும் இடம் இதுதான். வேர் விடுவது பாதி வேலைகூட இல்லை. வேர் தண்ணீரை உறிஞ்சும். புதுத் தண்டையும் இலையையும் கொடுக்காது. அதற்கு ஒரு மொட்டு வேண்டும், அந்த மொட்டிலிருந்து குருத்து வர வேண்டும். மணி பிளான்ட்டின் மொட்டு தண்டிலுள்ள கணுவில் இருக்கிறது. இலைக்காம்பில் இல்லை. கணு இல்லாமல் இலையை மட்டும் கிள்ளினால், எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அது வேர் வைத்த இலைதான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றை நம் ஊர்ப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்தோ நூலில் கட்டித் தொங்கவிட்டோ சில நாள் விட்டால், இலை விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் குட்டிச் செடி முளைக்கும். 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அதன் இலை விளிம்புப் பள்ளங்களில் மொட்டுகள் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கின்றன. இலையைத் தாய்ச்செடியிலிருந்து பிரித்ததும் அவை விழித்துக்கொள்கின்றன.

மணி பிளான்ட்டுக்கும் ரணகள்ளிக்கும் நடுவில் நிற்கிற செடிகள்தான் நம் கதைக்கு வேண்டியவை. ஜேட், பாம்புச் செடி எனப்படும் ஸ்நேக் பிளான்ட், பிகோனியா. இவற்றின் இலையில் மொட்டு தயாராக இல்லை. ஆனால் இலையை வெட்டினால், வெட்டுப்பட்ட இடத்தின் உயிரணுக்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு, புதிதாக மொட்டை உருவாக்கும் திறன் கொண்டவை.

அந்த உயிரணுக்கள் எதைக் கேட்டு வேராகின்றன, எதைக் கேட்டுக் குருத்தாகின்றன? 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இரு அறிவியலாளர்கள் புகையிலைத் தண்டின் திசுவை வைத்து இதற்கு விடை சொன்னார்கள். ஆக்சின் என்ற ஹார்மோன் மிகுந்தால் வேர் வருகிறது. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மிகுந்தால் குருத்து வருகிறது. இரண்டின் விகிதம்தான் முடிவு செய்கிறது. கடையில் விற்கும் வேர் தூண்டும் பொடியில் இருப்பது ஆக்சின் வகை. தண்டுக் குச்சிக்கு அது நல்லது, ஏனென்றால் குச்சியில் மொட்டு ஏற்கெனவே இருக்கிறது. இலைக்கு அதைத் தாராளமாகத் தடவினால் வேர் கொத்துக் கொத்தாக வரும், குருத்து பின்தங்கிப் போகும். நான் சொல்லப்போகும் மூன்றுக்கும் அந்தப் பொடி தேவையே இல்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மொட்டு உருவாகும் வரை இலை சாகாமல் இருக்க வேண்டும். ஜேட்டும் பாம்புச் செடியும் இதில் கெட்டிக்காரர்கள். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு விடும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். இவை இரண்டும் வெயில் சாய்ந்த பிறகு, இரவில்தான் பெரும்பாலும் துளையைத் திறக்கின்றன. அதனால் வேரே இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிகோனியா இலை மெல்லியது, அப்படி ஒரு வசதி அதற்குக் கிடையாது. அதற்கு நாம்தான் ஈரமான காற்றைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்.

ஜேட்: முதலில் பெயரைச் சரிபாருங்கள்

ஜேட் என்று கேட்டால் நம் நர்சரிகளில் பல சமயம் கையில் கொடுப்பது வேறொரு செடி. விரல் நகத்தைவிடச் சிறிய வட்ட இலையும் செம்பழுப்புத் தண்டும் கொண்ட அது, யானைப் புதர் என்று சொல்லத்தக்க போர்ச்சுலகேரியா. அதன் ஒற்றை இலையிலிருந்து செடி வருவது அபூர்வம். அதை ஒரு சாண் குச்சியாக ஒடித்து நட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். குச்சி சுலபமாகப் பிடிக்கும்.

உண்மையான ஜேட், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிராசுலா. அதன் இலை கட்டைவிரல் அளவு இருக்கும். தடித்து, மினுமினுப்பாக, விளிம்பில் சில சமயம் சிவப்புக் கோட்டோடு. தாய்மண்ணில் உதிர்ந்த இலையே தரையில் வேரூன்றிச் செடியாகிவிடும் இனம் அது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இலையைப் பறிக்கும் விதம். கத்தரிக்கோல் வேண்டாம். இலையின் அடியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால், தண்டிலிருந்து 'டக்'கென்று கழன்று வரும். அடிப்பகுதி பிறை வடிவில் முழுசாக இருக்க வேண்டும். புதுச் செடி உருவாவது அந்த அடியில்தான். பாதியில் ஒடிந்த இலை வெகுநாள் பச்சையாக இருக்கும், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

பறித்த இலைகளை நிழலில் ஒரு தட்டில் மூன்று நான்கு நாள் போட்டு வையுங்கள். காயம் உலர்ந்து தோல் கட்டும். பிறகு மணலும் தென்னை நார்க் கழிவும் சமமாகக் கலந்த தொட்டியில், மண்ணின் மேல் படுக்க வையுங்கள். புதைக்க வேண்டாம். வெளிச்சமான நிழல் போதும். அடியில் வெள்ளை நூல்போல வேர் தெரிகிறவரை தண்ணீரும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும். அதன்பின் மண்ணின் மேற்பரப்பு நனையும் அளவுக்குத் தெளித்தால் போதும். அடுத்த ஒரு மாதத்தில், அடியில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் இரண்டு சேர்ந்து நிற்கும். அதுதான் செடி.

இதற்குள் தாயிலை சுருங்கி, கிழவியின் கன்னம்போல் ஆகியிருக்கும். பயப்பட வேண்டாம். தன் நீரையும் சத்தையும் குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது காய்ந்து தானாக விழும் வரை பிய்க்காதீர்கள். சுருக்கம் நல்லது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, தொட்டால் கொழகொழவென்று இருந்தால்தான் ஆபத்து. அது தண்ணீர் அதிகமானதால் வந்த அழுகல். அந்த இலையை உடனே எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் நம்பி இருக்காமல் ஐந்தாறு இலைகளாக வையுங்கள். சில வேர் மட்டும் விட்டு நின்றுவிடும்.

பாம்புச் செடி: தலைகீழாக நட்டால் வராது

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது இது. நம் ஊர் மருளின் உறவுக்காரச் செடி. மருள் நாரில் ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். வரவேற்பறையில் வாள்போல நிமிர்ந்து நிற்கும் பாம்புச் செடி இலையிலும் அதே உறுதி உண்டு. சான்சிவேரியா என்று அறியப்பட்ட இதை 2017இல் தாவரவியலார் டிரசீனா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர்ப் பலகையில் எது இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

சென்ற ஆண்டு ஜூலையில், விளிம்பில் மஞ்சள் கோடு போட்ட செடியிலிருந்து இரண்டடி இலை ஒன்றை அடியோடு வெட்டினேன். அதை நான்கு விரல்கடை நீளத்தில், சுமார் பத்து சென்டிமீட்டர் வீதம் ஆறு துண்டாக்கினேன். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். துண்டுகளைக் கலந்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. இலைக்குத் திசை உண்டு. ஆக்சின் நுனியிலிருந்து அடியை நோக்கியே இறங்குகிறது. அதனால் அடிப்பக்கம்தான் வேர் விடும். எனவே ஒவ்வொரு துண்டின் அடியையும் தலைகீழான ஆங்கில வி எழுத்துபோல, நடுவில் குடைந்து வெட்டினேன். அடையாளமும் ஆயிற்று, வெட்டு நீளம் கூடுவதால் வேருக்கு இடமும் கூடிற்று. ஒரு துண்டை மட்டும் வேண்டுமென்றே தலைகீழாக நட்டு வைத்தேன்.

நான்கு நாள் நிழலில் உலர்த்திய பின், கரடுமுரடான மணல் பாதி, நார்க் கழிவு பாதி என்ற கலவையில், இரண்டு விரல்கடை ஆழம் ஊன்றினேன். பத்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். ஐந்தாவது வாரம் ஒரு துண்டின் அடி பழுப்பாகி நாற்றமடித்தது. அழுகிய பகுதிக்கு மேலே ஒரு விரல்கடை தள்ளி, உறுதியான வெள்ளைச் சதை தெரியும் இடத்தில் வெட்டி, மறுபடி உலர்த்தி நட்டேன். பிழைத்துக்கொண்டது. ஏழாவது வாரம் மற்ற துண்டுகளை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நான்கு துண்டுகள் மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. தலைகீழாய் நட்டது மட்டும் சட்டென்று கையோடு வந்தது. அதன் அடியில் ஒரு வேரும் இல்லை.

பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மண்ணுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. பாம்புச் செடியின் இலைத் துண்டு நேராகக் குருத்து விடுவதில்லை. முதலில் இஞ்சித் துண்டுபோல ஒரு கிழங்கை மண்ணுக்குள் பக்கவாட்டில் வளர்க்கிறது. அந்தக் கிழங்கின் நுனியிலிருந்துதான் குருத்து மேலே வருகிறது. டிசம்பரில், நட்ட துண்டிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, ஆணிமுனைபோல ஒரு பச்சைக் குருத்து மண்ணைப் பிளந்தது.

அந்தக் குருத்து விரிந்தபோது இன்னொன்று புரிந்தது. மஞ்சள் கோடு இல்லை. வெறும் பச்சையும் சாம்பல் வரிகளும்தான். அந்த மஞ்சள் விளிம்பு வகையில் இரண்டு வேறு மரபு கொண்ட உயிரணுக்கள் சேர்ந்து ஒரே செடியாக வாழ்கின்றன. விளிம்பில் பச்சையம் இல்லாதவை, நடுவில் பச்சையானவை. புதிய கிழங்கு உருவாவது நடுவிலுள்ள பச்சை உயிரணுக்களிலிருந்து. மஞ்சள் பின்வாங்கிவிடுகிறது. வைத்திருப்பவரின் தவறல்ல, உரத்தின் குறையும் அல்ல. மஞ்சள் கோடுதான் வேண்டுமென்றால் இலையை வெட்டாதீர்கள். தாய்த் தொட்டியைக் கவிழ்த்து, கிழங்கோடு ஒரு பக்கக் கன்றைக் கத்தியால் பிரித்து நடுங்கள். வெறும் பச்சை வகைக்கு இலைத்துண்டு தாராளமாகப் போதும்.

பிகோனியா: இஞ்சியா, மூங்கிலா?

ஏற்காட்டில் ஒரு நர்சரி வாசலில், சிவப்பும் வெள்ளியும் கலந்த ராஜா பிகோனியாவின் ஒரே ஒரு இலையைக் கேட்டு நின்றேன். அங்கிருந்த அம்மா சிரித்தார். "இதுக்கு ஒரு இலை போதும்மா. அந்தப் பக்கம் பொட்டு போட்ட மாதிரி இருக்கே, அதுக்குக் கேட்காதீங்க. இஞ்சி மாதிரி படுத்து வளர்றதுக்கு இலை, மூங்கில் மாதிரி நிக்கிறதுக்குக் குச்சி," என்றார். நான் கேள்விப்பட்டதிலேயே தெளிவான வழிகாட்டுதல் அதுதான்.

ரெக்ஸ் பிகோனியா நம் அசாம் மலைகளின் செடி. ஐரோப்பாவுக்குப் போய் 1857இல் அறிவியல் பெயர் பெற்றது. இன்று தொட்டியில் கிடைக்கும் பல வண்ண வகைகள் அதன் கலப்பு வாரிசுகள். மண்ணோடு படுத்த தண்டிலிருந்து நேராக இலைக்காம்பு எழுகிறதென்றால், அந்த இலையிலிருந்து செடி வரும். கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும் வகையாக இருந்தாலும், பூப்பாத்தியில் போடும் மெழுகு பிகோனியாவாக இருந்தாலும், இலை வேர் விட்டுவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அவற்றைக் கணுவோடு நறுக்கி நட வேண்டும்.

அந்த இலையை ஒரு ஈரத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேர்ந்தெடுக்க வேண்டியது முற்றி வெளுத்ததையும் அல்ல, புதிதாய் விரிந்த பிஞ்சையும் அல்ல. நடுத்தர வயதில் உறுதியாக நிற்கும் இலை. காம்பை ஒரு விரல்கடை விட்டு வெட்டுங்கள். இலையைக் கவிழ்த்தால், காம்பு சேரும் இடத்திலிருந்து கைவிரல்கள்போல் நரம்புகள் பிரிவது தெரியும். புது பிளேடால் ஒவ்வொரு தடித்த நரம்பையும் ஓரிடத்தில் குறுக்கே அறுங்கள். இலை கிழிந்து இரண்டாகக் கூடாது. நரம்பு துண்டானால் போதும்.

பிறகு நிறப்பக்கம் மேலே இருக்கும்படி, நரம்புப்பக்கம் ஈரமான கலவையோடு ஒட்டும்படி படுக்க வைத்து, காம்பை உள்ளே செருகுங்கள். வெட்டுப்பட்ட இடங்கள் மண்ணைத் தொட வேண்டும் என்பதுதான் முக்கியம். நான் நாலைந்து கொண்டை ஊசிகளை வளைத்துக் குத்தினேன். சிறு கூழாங்கற்களும் போதும். மேலே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. கலவை பிழிந்த துணியின் ஈரத்தில் இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்து மூடுங்கள். திறக்காவிட்டால் சாம்பல் பூசணம் பிடித்து, வெட்டிய இடம் கருகும். கருகிய பகுதி தெரிந்தால் அதை மட்டும் வெட்டி எறியுங்கள். மற்ற நரம்புகள் தொடரும்.

ஒரு மாதத்தில் வெட்டுகளின் அடியில் வேர். இரண்டு மாதத்தில், நரம்பு அறுந்த இடத்தில் செம்பஞ்சுபோன்ற மயிர்கள் சூழ்ந்த ஒரு சிறு முடிச்சு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதில் சுருண்ட குட்டி இலை. இலையின் மேல்தோல் உயிரணுக்கள்தான் இப்படி மொட்டாக மாறுகின்றன. ஒரு இலையில் ஐந்து இடங்களில் வெட்டினால், நன்றாக அமைந்தால் மூன்று நான்கு குட்டிகள் கிடைக்கும். குட்டிக்கு மூன்று இலை வந்ததும் கத்தியால் அறுத்துத் தனித்தனி தொட்டியில் வையுங்கள். மூடியை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். பழகாத குட்டி வெளிக்காற்றில் அரை நாளில் துவண்டுவிடும்.

பிகோனியாவுக்கு மிதமான சூடு, இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரி, பிடிக்கும். சென்னையிலும் மதுரையிலும் சித்திரை வெயிலில் முயலாதீர்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஜேட்டுக்கும் பாம்புச் செடிக்கும் நேர்மாறு: அடைமழை மாதங்களை விட்டுவிட்டு, சூடான நாட்களில் தொடங்குவது மேல்.

இவற்றைத் தொடாதீர்கள்

ஒரு இதய வடிவ இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு, காதலர் தினத்துக்கு விற்கிறார்களே, அது ஹோயா. கணு இல்லாமல் நட்ட அந்த இலை வருடக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஆனால் கொடியாகாது. ரப்பர் செடி, குரோட்டன்ஸ் இலைகளும் அப்படியே. வேர் வரலாம், குருத்து வராது. இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு கணுவாவது சேர்ந்து வர வேண்டும். மாறாக, ஆப்பிரிக்க வயலட்டும் இசட் இசட் செடியும் இலையிலிருந்தே வரும். இசட் இசட்டின் சிற்றிலை முதலில் ஒரு கிழங்கைத்தான் வைக்கும். அதுவும் பாம்புச் செடிபோல மெதுவான வேலை.

இப்போது முதல்முறை முயல்கிறவர் எதை எடுப்பது? என் தீர்ப்பு இதுதான். வெறும் பச்சைப் பாம்புச் செடியில் தொடங்குங்கள், மறந்துவிட்டாலும் மன்னிக்கும். குருத்தை விரைவில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உண்மையான ஜேட். தினம் டப்பாவைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் மட்டும் ரெக்ஸ் பிகோனியா. எதைச் செய்தாலும் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றில் நட்ட தேதியை எழுதித் தொட்டியில் குத்தி வையுங்கள். இலை உறுதியாக இருக்கிற வரை, பாம்புச் செடியை ஆறு மாதத்துக்கு முன் தோண்டிப் பார்க்காதீர்கள்.